நான்கு கடிதம், நான்கு உறை: எண்ணும்போது எங்கே பிழை விடுகிறோம்?

மாங்குளத்தில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பூநகரிக்கு ஒன்று, துணுக்காய்க்கு ஒன்று, ஒட்டுசுட்டானுக்கு ஒன்று, நெடுங்கேணிக்கு ஒன்று என நான்கு கடிதங்கள் போகவேண்டும். நான்கு உறைகளிலும் விலாசம் எழுதியாயிற்று. உறைக்கு ஒரு கடிதமாக, எது எதுவென்று பார்க்காமலே போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கடிதம்கூடத் தனக்குரிய உறைக்குள் போகாமல் இது எத்தனை விதமாக நடக்கலாம்?

விடை 9. ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் 23 வரும், 6 வரும், சில வேளை 0 கூட வரும். இந்தப் பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு யோசனை இருக்கிறது; அது எந்த இடத்தில் முறிகிறது என்று பார்த்தால்தான் அடுத்த முறை சரியாக எண்ணலாம்.

23 என்பதை விரைவாகத் தாண்டிவிடலாம். நான்கு கடிதங்களை நான்கு உறைகளில் போட 4 × 3 × 2 × 1 = 24 வழிகள். அதில் எல்லாமே சரியாக அமைவது ஒரு வழி. அதைக் கழித்தால் 23. ஆனால் ‘எல்லாம் சரி’ என்பதன் எதிர்ப்பக்கம் ‘ஒன்றாவது பிழை’ என்பதே. ‘எல்லாமே பிழை’ என்பது அதைவிடக் கடுமையான நிபந்தனை.

6 என்ற விடைதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. பூநகரிக் கடிதத்துக்குப் பிழையான உறைகள் மூன்று, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்று என்று எண்ணி 3 × 2 × 1 × 1 என்று பெருக்குகிறார்கள். படிப்படியாகப் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முந்திய படியில் எதைத் தெரிந்தாலும் அடுத்த படியில் இருக்கும் வழிகளின் எண்ணிக்கை மாறக்கூடாது. இங்கே அது மாறுகிறது. பூநகரிக் கடிதம் துணுக்காய் உறைக்குள் போயிருந்தால், துணுக்காய்க் கடிதத்துக்கு மிச்சமுள்ள மூன்று உறைகளுமே பிழையானவைதான். ஆகவே 3 வழிகள். பூநகரிக் கடிதம் ஒட்டுசுட்டான் உறைக்குள் போயிருந்தால், துணுக்காய்க் கடிதத்துக்கு பூநகரி உறை, நெடுங்கேணி உறை என்று 2 வழிகளே. ஒரே படிக்கு இரண்டு விதமான எண்கள் வரும்போது பெருக்க முடியாது.

இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. கடிதங்களைப் பட்டியல் ஒழுங்கில் எடுக்க வேண்டாம். எந்த ஊரின் உறை இப்போது பறிபோனதோ, அந்த ஊரின் கடிதத்தை அடுத்ததாக எடுங்கள். பூநகரிக் கடிதம் துணுக்காய் உறைக்குள் போனால், அடுத்து துணுக்காய்க் கடிதம். அது பூநகரி உறைக்குள் போனால் இரண்டும் தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டன. மிச்சமுள்ள ஒட்டுசுட்டானும் நெடுங்கேணியும் ஒன்றுக்கொன்று மாறவேண்டும், ஒரே வழி. துணுக்காய்க் கடிதம் ஒட்டுசுட்டான் உறைக்குள் போனால் பூநகரி, நெடுங்கேணி உறைகள்தான் மிச்சம். நெடுங்கேணிக் கடிதம் பூநகரி உறைக்குள்ளேயே போகவேண்டும், மீண்டும் ஒரே வழி. நெடுங்கேணி உறைக்குள் போனாலும் இதே நிலைமை. ஆக, பூநகரிக் கடிதம் துணுக்காய் உறையில் இருக்கும்போது 3 வழிகள். அந்தக் கடிதத்துக்கு இப்படி மூன்று உறைகள் இருப்பதால் 3 × 3 = 9.

எத்தனை கடிதங்கள் இருந்தாலும் இதே யோசனை வேலை செய்யும். இரண்டு கடிதங்களுக்கு விடை 1, மூன்றுக்கு 2. அதற்குப் பிறகு, முந்திய இரு விடைகளையும் கூட்டி, கடிதங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்துப் பெருக்கவேண்டும். நான்குக்கு 3 × (2 + 1) = 9. ஐந்துக்கு 4 × (9 + 2) = 44. ஆறுக்கு 5 × (44 + 9) = 265. இரண்டு விடைகளைக் கூட்டுவதற்குக் காரணம், முதல் இரு கடிதங்களும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்வதும் மாறாமல் விடுவதும் தனித்தனி நிலைமைகள் என்பதே. மாறிக்கொள்ளும் நிலைமையை மறந்தவர்கள் ஐந்துக்கு 4 × 9 = 36 என்று எழுதிவிடுவார்கள்.

0 எப்படி வருகிறது? ‘பூநகரிக் கடிதம் சரி’ என்ற வழிகள் 6. மற்ற ஊர்களுக்கும் அப்படியே ஆறு ஆறு. 24 − 24 = 0. கழிக்கத் தொடங்கியது சரிதான்; ஒரே அமைப்பு பல தடவை கழிபடுவதைப் பார்க்காததுதான் பிழை. பூநகரியும் துணுக்காயும் மட்டும் சரியாக உள்ள அமைப்பு இரண்டு தடவை கழிந்துபோகிறது. அதனால் ஒவ்வொரு சோடிக்கும் உரிய 2 வழிகளைத் திருப்பிக் கூட்டவேண்டும்: சோடிகள் 6, ஆக 12. அங்கேயே நிறுத்தினால் 12 என்று விடை வரும், அதுவும் பிழை. எல்லாம் சரியான அந்த ஒரேயொரு அமைப்பு நான்கு தடவை கழிந்து, ஆறு தடவை கூட்டப்பட்டிருக்கிறது. மும்மூன்றாக எடுத்து 4 கழித்து, நான்கையும் சேர்த்து எடுத்து 1 கூட்டினால்தான் அதன் கணக்கு தீரும். 24 − 24 + 12 − 4 + 1 = 9.

விடையைச் சரிபார்க்க, 24 வழிகளையும் எத்தனை கடிதங்கள் சரி என்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். நான்கும் சரி: 1. சரியாக மூன்று மட்டும் சரி: 0, ஏனென்றால் மூன்று சரியானால் நான்காவதுக்குத் தன் உறை மட்டுமே மிச்சம். இரண்டு மட்டும் சரி: 6. ஒன்று மட்டும் சரி: 4 × 2 = 8. ஒன்றும் சரியில்லை: 9. கூட்டினால் 24. ‘ஒன்று மட்டும் சரி’ என்பதற்கு 4 × 6 = 24 என்று எழுதும் பிழை இங்கே உடனே பிடிபடும்; மிச்ச மூன்று கடிதங்களும் பிழையாகவே இருக்கவேண்டும் என்பது அதில் விடுபட்டிருக்கிறது.

நிகழ்தகவாகக் கேட்டால் 9/24, அதாவது 0.375. இதை 3/4 × 3/4 × 3/4 × 3/4 என்று பெருக்கி ஏறத்தாழ 0.316 என்று எழுதுபவர்கள், ஒரு கடிதம் எங்கே போனது என்பது மற்றக் கடிதங்களைப் பாதிக்காது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஒரே உறைக்குள் இரண்டு கடிதங்களும் போகலாம் என்று ஆகிவிடும். கடிதங்கள் கூடக்கூட இந்த நிகழ்தகவு பூச்சியத்துக்குப் போகும் என்று நினைப்பதும் பொதுவான பிழை. ஐந்துக்கு 0.3667, ஆறுக்கு 0.3681. பிறகு, நூறு கடிதமானாலும் ஆயிரமானாலும், அது 0.3679 அருகிலேயே நிற்கும். 1/e என்ற எண்தான் அது. பிரான்சின் கணிதவியலாளர் மொன்மோர் 1708இல் இதே கேள்வியை 13 சீட்டுகளை வைத்து எழுப்பினார்.

கடைசியாக, இந்த எண்கள் எல்லாம் கடிதங்கள் ஒவ்வொன்றும் வேறானவை என்றால் மட்டுமே பொருந்தும். நான்கில் இரண்டு பூநகரிக்கே போகும் ஒரே அழைப்பிதழ் என்றால், அவை இரண்டும் பூநகரி உறைகள் இரண்டில் எதிலும் இருக்கக்கூடாது. ஆகவே அவை துணுக்காய், ஒட்டுசுட்டான் உறைகளுக்குள் 2 விதமாகப் போகவேண்டும்; அந்த ஊர்களின் கடிதங்கள் இரண்டும் பூநகரி உறைகளுக்குள் 2 விதமாகப் போகவேண்டும். இரண்டு அழைப்பிதழ்களையும் இரண்டு பூநகரி உறைகளையும் வேறுவேறாகவே எண்ணினால்கூட மொத்தம் 4 வழிகள்தான், 9 அல்ல. கேள்வியில் ‘ஒரே மாதிரியான’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எண்ணத் தொடங்குங்கள்.