வாலைப் பார்த்து ஈரலைச் சொல்லலாமா?

என்னிடம் திருகோணமலையில் உயர்தரத்துக்கு உயிரியல் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பயிற்சிக்குக் கொடுத்த, டிஎன்ஏ துண்டுகள் பட்டைகளாகத் தெரியும் ஜெல் படமொன்றை அனுப்பிக் கேட்டாள்: "சேர், ஈரலில் மரபணுவை நீக்கின எலியாம். ஆனா வால் டிஎன்ஏயில அது அப்படியே இருக்கு. பரிசோதனை பிழைச்சுப் போச்சா?"

பிழைக்கவில்லை. வாலில் அது இருக்கத்தான் வேண்டும்.

அது இன்சுலின் ஏற்பி மரபணு. உடல் முழுக்க அதை நீக்கினால் குட்டி பிறக்கும். ஆனால் இரத்தத்தில் சீனி ஏறி, கீட்டோன் அமிலம் கூடி, சில நாட்களிலேயே செத்துவிடும். வளர்ந்த எலியின் ஈரலுக்கு அந்த ஏற்பி எதற்கு என்று செத்த குட்டியிடம் கேட்க முடியாது. அதனால்தான் ஈரலில் மட்டும் நீக்குகிறார்கள்.

மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளான எக்சோன்களில் முக்கியமான ஒன்றுக்கு இரு பக்கமும், கிரீ என்ற நொதி அடையாளம் காணும் 34 எழுத்து நீளமான லொக்ஸ்பீ துண்டுகளை ஒரே திசையில் வைப்பார்கள். இதோடு மரபணு கெட்டுவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. துண்டுகள் எக்சோன்களுக்கு இடையே, புரதத்தில் சேராத இன்ட்ரோனில் இருப்பதால் அது வழமைபோல் வேலை செய்யும். கிரீ நொதி வந்து நடுப்பகுதியை வெட்டி எறிந்தால்தான் கெடும். அந்தக் கிரீயை அல்புமின் மரபணு எந்தக் கலத்தில் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஊக்கியோடு இணைத்தால், அல்புமின் செய்யும் ஈரல் கலங்களில்தான் அது உருவாகும். வால் கலத்தில் கிரீயின் மரபணு இருக்கும், நொதி இராது. வால் சொல்வது எலி எதைச் சுமக்கிறது என்பதை மட்டுமே.

வாலிலேயே வெட்டுண்ட பட்டை தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். கிரீ தாய் தந்தையின் இனப்பெருக்கக் கலத்திலோ தொடக்கக் கருவிலோ கசிந்திருக்கலாம்.

சரி, ஈரலை எடுத்தோம். அங்கும் வெட்டாத பட்டை மங்கலாகத் தெரிகிறதே என்பாள், தெரியும். ஈரலில் அல்புமின் செய்யாத இரத்தக்குழாய்க் கலங்கள், ஈரலின் காவல் கலங்களான கூப்பர் கலங்கள் எல்லாம் உண்டு; அவற்றின் டிஎன்ஏ அது. எலியின் வயதையும் கேட்க வேண்டும். அல்புமின் கிரீ பிறக்கும்போது அரைகுறையாகத்தான் வெட்டியிருக்கும், ஏறக்குறைய ஆறு வாரத்தில்தான் வேலை முடியும். மூன்று வாரக் குட்டியை அறுத்துவிட்டு "ஒரு மாற்றமும் இல்லை" என்று எழுதுவது அவசரம். அல்புமின் செய்யும் ஈரல் கலங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஏற்பிப் புரதமே இல்லை என்று, புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளொட்டில் காட்டினால் நம்பலாம்.

இனக்கலப்புக் கணக்கிலும் சறுக்குவார்கள். லொக்ஸ்பீ இரட்டையாக உள்ள எலியைக் கிரீ எலியோடு சேர்த்தால், முதல் தலைமுறையில் வேண்டிய எலி ஒன்றும் வராது. எல்லாவற்றிலும் லொக்ஸ்பீ இல்லாத, கிரீ வெட்ட முடியாத ஒரு பிரதி மிஞ்சும். அதில் கிரீ உள்ளதை மறுபடி லொக்ஸ்பீ இரட்டை எலியோடு சேர்த்தால் நாலில் ஒன்று கிடைக்கும்.

ஒப்பீட்டுக்குக் கிரீ இல்லாத உடன்பிறப்பு மட்டும் போதாது. கிரீ மட்டும் உள்ள எலியும் வேண்டும், ஏனென்றால் சில கிரீ வகைகள் தாங்களே தொந்தரவு தரும்.

இத்தனையும் பார்த்துச் செய்த ஆய்வில், ஈரலில் மட்டும் ஏற்பி இழந்த எலி உயிரோடு வளர்ந்து, கடுமையான இன்சுலின் எதிர்ப்பைக் காட்டியது. அவளுக்கு நான் அனுப்பிய பதில் ஒரு வரிதான்: "வால் பட்டை சரி, ஈரல் பட்டையையும் எலியின் வயதையும் அனுப்பு."