ஒருவருக்கு அட்டவணை, ஒருவருக்கு அன்றைய மனம்: யாழ்ப்பாணப் பயணத்துக்கு ஒரே திட்டம்

என் கணவரின் ஊர் புங்குடுதீவு, என் ஊர் கோண்டாவில். 2025 ஆகஸ்டில் ரொறொன்ரோவிலிருந்து ஊருக்குப் போவதென்று முடிவானதும் நான் மணிக்கணக்குப் போட்டு அட்டவணை எழுதத் தொடங்கினேன். அவருக்கு விமான டிக்கெட் மட்டும் போதும். மிச்சத்தை அங்கே போய்ப் பார்க்கலாம் என்பார். முதலில் நாள்களை ஆளுக்குப் பாதி என்று பிரித்தோம். அது சரிவரவில்லை. என் பங்கு நாளில் அவர் முகம் வாடியது, அவர் பங்கு நாளை நினைத்தாலே எனக்குப் பதற்றம். பிறகு வேறு விதமாகப் பிரித்தோம்: தவறவிட்டால் அந்தப் பயணத்தில் மறுபடி கிடைக்காதவற்றுக்குத் தேதி குறிப்பது, மற்றவற்றுக்குக் குறிக்காமல் விடுவது.

தேதி குறித்தவை சிலதான். நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கொடியேற்றத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பஞ்சாங்கம் பார்த்த பிறகே விமான டிக்கெட் எடுக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 29இல் கொடி ஏறியதால் தேர் ஆகஸ்ட் 21. மாமாவின் ஆண்டுத் திவசம் திதியின்படி வருவது. ஐயருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். காணி உறுதியின் பிரதி எடுக்க ஒரு வேலைநாள் தேவை. நான் அதற்கு முதலில் எழுதிய ஆகஸ்ட் 8 பௌர்ணமி விடுமுறை, அலுவலகமே பூட்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ரயிலுக்குப் பயண நாளுக்கு 30 நாள் முன்பு முன்பதிவு தொடங்கும். திருவிழாக் காலத்தில் இருக்கைகள் விரைவில் முடிந்துவிடும் என்பதால் போக, வர இரண்டையும் நானே பதிவு செய்தேன். அதில் அவரும் வாதாடவில்லை. முந்தைய பயணத்தில் இரவு பஸ்ஸில் இடுப்பு ஒடிய வந்தது அவருக்கும் நினைவிருந்தது.

ஊரில் நின்றது ஆகஸ்ட் 8 முதல் 23 வரை, 16 நாள். இந்தக் கணக்கில் தேர், தீர்த்தம், திவசம், காணி என நான்கு நாள் போக மிச்சம் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டும் அவர் விருப்பம். ஆனால் ஒரு கெடுவோடு. நாளை எங்கே என்பதை முதல்நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். வான் சாரதியும் நாம் தங்கும் வீட்டில் சமைப்பவரும் எட்டு மணிக்குப் பிறகு நம் மனமாற்றத்துக்குக் காத்திருக்க முடியாது. கெடு தவறினால் மறுநாள் வீட்டிலேயே நிற்பது. இரண்டு தடவை அப்படி நின்றோம். அவை நல்ல நாள்களாகவே கழிந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெடுந்தீவுக்கு மட்டும் இருவர் போக்கும் தேவைப்பட்டது. புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து அங்கே படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நாளுக்குச் சில படகுகளே ஓடும். திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். ஆகஸ்டில் சோழகக் காற்று வலுத்தால் கடல் கொந்தளிக்கும். அதனால் 13, 18 என்று இரண்டு நாளை அதற்காக ஒதுக்கிவைத்தேன். எந்த நாள் என்பதை அவர் துறைமுகத்தில் விசாரித்து முடிவு செய்தார். 13ஆம் தேதி காற்றுப் பலம் என்று படகுக்காரர் சொல்ல, அதே துறையிலிருந்து கிட்டத்தில் இருக்கும் நயினாதீவுக்குப் போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பினோம். 18ஆம் தேதி நெடுந்தீவு. பவளக்கல் மதில்களையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் ஆறுதலாகப் பார்த்தோம்.

எங்களுக்குள் அதிகம் சண்டை வந்தது உறவினர் வீடுகளால். நான் ஒரு நாளுக்கு நான்கு வீடு எழுதியிருந்தேன். ஊரில் அது நடக்காது. முதல் வீட்டில் தேநீர், பிறகு சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்ற வற்புறுத்தல், பழைய படங்கள், ஒரு அழுகை. இரண்டாவது வீட்டுக்குப் போகும்போதே பொழுது சாய்ந்துவிடும். அவரோ சொல்லாமலே போய் நிற்க விரும்புவார். அப்படிப் போனால் எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மா நமக்காக அடுப்படியில் நின்று வேர்க்கிறார், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனவே காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. முதல்நாள் தொலைபேசியில் "பின்நேரம் வருகிறோம், தேநீர் மட்டும் போதும்" என்று சொல்வது. மணியைச் சொல்லாமல் விடுவது. புறப்படும் நேரத்தை அவரிடமே விட்டேன். எந்த வீட்டில் இன்னும் அரை மணி நேரம் இருக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் சரியாகத் தெரிகிறது.

கடைசி இரண்டு திறந்த நாள்களை எதற்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். தேரடியில் சந்திக்கும் பள்ளித் தோழி "எங்கள் வீட்டுக்கு வராமல் போய்விடாதே" என்பாள். எனக்கு அப்படி இரண்டு பேர் கிடைத்தார்கள்.