புழு விழுந்த கொய்யா, மாம்பழம், கத்தரிக்காய்: எதை வெட்டி எடுக்கலாம், எதை வீச வேண்டும்?

வீட்டில் கொய்யா ஜாம் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பழத்தை நறுக்குவார்கள், புழு தெரியும், அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மீதியைப் பாத்திரத்தில் போடுவார்கள். கத்தரிக்காய்க்கு இது சரிவரும். கொய்யாவுக்கு வராது. உள்ளே இருப்பது எந்தப் புழு என்று பார்க்காமல் கத்தியை வைப்பதுதான் தவறு.

கொய்யாவில் புழு இருந்த இடத்தை மட்டும் வெட்டுவது

கொய்யாவில் நெளியும் வெள்ளைப் புழு பழ ஈயின் குஞ்சு. காய் பழுக்கத் தொடங்கும்போது தாய் ஈ தோலைக் குத்தி, உள்ளே கொத்தாக முட்டையிடும். ஓரிரண்டு நாளில் முட்டை பொரிந்துவிடும். ஒரு குத்தில் பல புழுக்கள் வரும். அவை ஒரே பாதையில் போகாமல் சதை முழுவதும் பிரிந்து, தின்றுகொண்டே நடுவிலுள்ள விதைப்பகுதிக்குப் போகும். கூடவே அழுகல் கிருமிகளும் பரவும். சதை நீர்விட்டுத் தொளதொளவென்று ஆவது அதனால்தான். பொரிந்த புதிதில் புழு கண்ணாடி போல இருப்பதால் சதையோடு சதையாகத் தெரியும். நாம் ஒரு புழுவைப் பார்க்கிறோம் என்றால், பார்க்காதவை இன்னும் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு கிலோ வாங்கி வந்தாள். நாலைந்து பழத்தில் புழு. அந்த இடங்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்துக் கூழாக்கினாள். சல்லடையில் வடிகட்டும்போது விதையோடு புழுவும் தங்கியது. "கொதிச்சா எல்லாம் செத்துடும் அக்கா" என்று சர்க்கரையையும் கொட்டிவிட்டாள். புழு செத்தது உண்மைதான். ஆனால் புளித்துப்போன சதையின் நாற்றம் கொதித்தால் போகாது. அத்தனையும் குப்பைக்குப் போனது, சர்க்கரையோடு சேர்த்து. அந்த நாலைந்து பழத்தைத் தனியே ஒதுக்கியிருந்தால் மீதி அருமையான ஜாம் ஆகியிருக்கும். இன்றும் இதை யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

எனவே முதலில் தோலைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் லேசான குழிவு, கட்டைவிரலால் அழுத்தினால் அங்கே மட்டும் மெத்தென்று இருந்தால் அது ஈ குத்திய இடம். பிறகு ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாக இரண்டாகப் பிளந்து, பார்த்த பிறகே பாத்திரத்தில் போடுங்கள். கடினமான செங்காயில் தோலுக்கடியில் புள்ளி மட்டும் இருந்து, சதை வெளுப்பாக, மொறுமொறுவென்று இருந்தால், அந்தப் பக்கத்தைத் தாராளமாகச் சீவிவிட்டு மீதியை அன்றே சாப்பிடலாம். சதைக்குள் புழுவைக் கண்டாலோ, புளித்த வாடை வந்தாலோ முழுப் பழத்தையும் விட்டுவிடுங்கள். தெரியாமல் ஒரு புழுவை விழுங்கிவிட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பொதுவாக அதனால் ஒன்றும் ஆகாது. கெடுதல் அழுகலில்தான்.

உப்புத் தண்ணீரை நம்புவது

பழத்தையோ காயையோ உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் ஆழத்தில் இருக்கும் புழு வெளியே வராது.

கத்தரிக்காயில் ஓட்டையைத் தேடுவது

ஓட்டை இல்லாத காயாகப் பொறுக்கினேன், உள்ளே புழு என்பார்கள். காய்ப்புழு பொரிந்தவுடன், பெரும்பாலும் காம்புத் தொப்பிக்கு அடியில், நூல் நுழையும் அளவு துளையிட்டு உள்ளே போய்விடும். அந்தத் துளை மூடிக்கொள்ளும். நம் கண்ணில் படும் பெரிய ஓட்டை, வளர்ந்த புழு வெளியேறிய வாசல். அதனால் ஓட்டைக் காயில் புழு இல்லாமல் போகலாம், வழவழப்பான காயில் புழு இருக்கவும் கூடும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நாலாகக் கீறும்போது, காம்பை ஒட்டிய பகுதி வரை விரித்துப் பாருங்கள்.

இந்தப் புழு ஈயின் குஞ்சு அல்ல, அந்துப்பூச்சியின் புழு. இளஞ்சிவப்பாக இருக்கும். குடைந்த பாதை கருப்பு எச்சத்தோடு தெளிவாகத் தெரியும். பாதையைச் சுற்றி ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டிவிட்டு, வெளுப்பாகக் கெட்டியாக உள்ளதைக் கழுவிச் சமைக்கலாம். உள்ளே முழுக்கக் குடைந்து கருத்திருந்தால் வேண்டாம்.

மாங்கொட்டை வண்டுக்காகப் பழத்தை வீசுவது

நீலம் மாம்பழத்தை அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கருப்பு வண்டு வரும். பலர் பழத்தையே தூக்கிப் போடுகிறார்கள். காய் பிஞ்சாக இருக்கும்போதே புழு கொட்டைக்குள் போய்விடுகிறது. போன வழியும் ஆறிவிடுகிறது. வண்டு சதையைக் குடைந்து வெளியே வந்திராவிட்டால் சதை நல்ல சதைதான், சாப்பிடுங்கள். சதையிலேயே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. கொய்யாவுக்குச் சொன்னதே அதற்கும்.

புழுப் பழத்தை மரத்தடியில் போடுவது

வேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக அதே மரத்துக்குத் திரும்பும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் நல்ல வெயிலில் வைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.