கொழுக்கட்டை கலோரிக்கு ஒரு குறுக்கு வழி

பூரணக் கொழுக்கட்டையை வெந்த பிறகு எடை போடாதீர்கள். தண்ணீர் சேர்க்கும் முன் அரிசி மாவு, துருவிய தேங்காய், வெல்லம் மூன்றையும் சேர்த்து எத்தனை கிராம் என்று பார்த்து 3.6ஆல் பெருக்குங்கள்.

மாவு, பச்சைத் தேங்காய், வெல்லம் மூன்றுமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 முதல் 380 கலோரிக்குள் வந்துவிடுவதால் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. வெந்நீரும் ஆவியும் எடையைத்தான் கூட்டும், கலோரியை அல்ல. நெய், எண்ணெய்க்கு மட்டும் கிராமுக்கு 9 தனியாகச் சேருங்கள்.

உதாரணமாக மாவு 200, தேங்காய் 100, வெல்லம் 100 கிராம் என்றால் 1440. நெய் 10 கிராமுக்கு 90. மொத்தம் 1530. ஒரே அளவில் 20 பிடித்தால் ஒன்றுக்குச் சுமார் 77 கலோரி. பூரணம் மிஞ்சினால் (எப்படியும் மிஞ்சும்!) இந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

ஊறவைத்து இடித்த ஈர மாவுக்கு இது சரிவராது, அதில் தண்ணீர் இருக்கிறது. அப்போது ஊறப்போடும் முன்பே அரிசியை நிறுத்துக்கொள்ளுங்கள். கொப்பரைத் துருவலுக்கும் பொருந்தாது, அதில் கலோரி கிட்டத்தட்ட இரு மடங்கு.