கிழிந்த கச்சேரி நோட்டீசில் பெயரைத் தேடும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் இரண்டு பேர் ஒரு பழைய கச்சேரி நோட்டீசின் படத்தை அனுப்பியிருந்தார்கள். இடது பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. பெயரில் ‘…குடி’ என்ற வால் மட்டும் மிச்சம். “செம்மங்குடிதானே சார்?” என்று கேட்டார்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். “தேதி போட்டுப் பார்த்தோம், கிழமை சரியா வருது சார்.” அதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பல வருஷங்களுக்கு முன் இதே வார்த்தையைச் சொல்லித்தான் நான் ஒரு குடும்பத்தையே தவறான நம்பிக்கையில் விட்டேன்.

பசை நாடா ஒட்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். யாரும் சொல்லாமலே அது தெரியும். நன்றாகப் படித்துவிட்டோம் என்று நினைக்கும்போது நடக்கும் தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

வாலைப் பார்த்து ஆளைச் சொல்வது

கர்நாடக சங்கீதத்தில் ஊர்ப் பெயர்தான் பாதி அடையாளம். ‘…குடி’ என்றால் அரியக்குடி, செம்மங்குடி, லால்குடி, காரைக்குடி என்று வரிசையாக நிற்பார்கள். வாலுக்கு முன்னால் இருக்கும் ஒற்றின் புள்ளியாவது தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ‘ங்’ என்றால் ஒரு வழி, ‘க்’ என்றால் வேறு வழி, ‘ல்’ என்றால் இன்னொரு வழி. ஊர் கிழிந்து பெயர் மட்டும் நின்றாலும் இதே கதைதான். ‘…ருஷ்ணன்’ என்ற வயலின்காரர் டி.என். கிருஷ்ணனாகவும் இருக்கலாம், எம்.எஸ். கோபாலகிருஷ்ணனாகவும் இருக்கலாம். முதலில் தோன்றிய பெயரை எழுதிவிட்டு ஆதாரம் தேடக் கிளம்பினால் ஆதாரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். இருக்கக்கூடிய எல்லாப் பெயரையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அடியுங்கள்.

கிழமை பொருந்தியது என்று நிறுத்துவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

என்னிடம் வந்த துண்டு ஒரு கோயில் உற்சவ நோட்டீசின் கீழ்ப்பகுதி. மங்கலான ரோஸ் நிறக் காகிதம். இடது பக்கம் கோணலாகக் கிழிந்து, நடுவில் மடிப்பு இருந்த இடத்தில் பூச்சி அரித்து ஓட்டை விழுந்திருந்தது. பெரிய எழுத்தில் ‘…மணி அய்யர்’. அதற்குக் கீழே ஒரு வரியில் ‘…கிருது ௵’, பிறகு ஓட்டை, பிறகு ‘19௳’. அடுத்த வரியில் ‘மே ௴’ என்பதற்குப் பிறகு வலது ஓரமும் கிழிந்திருந்தது. கடைசி வரி முழுசாக இருந்தது: ‘ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு’.

௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள். இந்த மூன்று குறியும் தெரியாமல் பழைய நோட்டீசைத் தொடக் கூடாது.

‘கிருது’ என்று முடியும் தமிழ் வருஷங்கள் அறுபதில் மூன்றுதான். சுபகிருது, சோபகிருது, விரோதிகிருது. மணி அய்யர் என்ற பெயரில் மேடையை ஆண்ட இருவருமே 1912இல் பிறந்தவர்கள்: பாட்டில் மதுரை மணி அய்யர், மிருதங்கத்தில் பாலக்காடு மணி அய்யர். ஆகவே அவர்கள் காலத்துக்குள் விழும் வருஷங்கள் 1962-63, 1963-64, 1971-72. இதுவரை நான் சரியாகவே வந்தேன்.

அப்புறம் கண்ணில் பட்ட ஒரே எண்ணான 19ஐ, கண்ணில் பட்ட ஒரே மாதமான மே மாதத்தோடு சேர்த்தேன். மே 19. மூன்று வருஷத்துக்கும் கிழமை பார்த்தேன். 1962இல் சனி, 1971இல் புதன், 1963இல் ஞாயிறு. பொருந்திவிட்டது! 1963 என்றால் சோபகிருது. மதுரை மணி அய்யர் பாடிக்கொண்டிருந்த காலம். எழுத்தும் பெரிசு. ஆகவே அது அவருடைய கச்சேரி என்று சொல்லிவிட்டேன். துண்டைக் கொண்டுவந்தவர் கண்ணில் நீர் தளும்பியது. அவர் அப்பா மதுரை மணி என்றால் உயிரை விடுபவர். நோட்டீசைச் சட்டம் போட்டு, 19-5-1963 என்று கீழே பித்தளைத் தகட்டில் பொறித்து, கூடத்தில் மாட்டினார்கள்.

எங்கே தவறினேன்? பழைய நோட்டீசில் தேதி இரண்டு முறை வரும். முதலில் தமிழ் வருஷம், தமிழ் மாதம், தமிழ்த் தேதி. அதற்குப் பிறகு ஆங்கிலத் தேதி. ‘19௳’ இருந்தது ‘கிருது ௵’ இருந்த அதே வரியில். அப்படியானால் அது தமிழ்த் தேதி. ஓட்டை விழுந்த இடத்தில் போனது தமிழ் மாதத்தின் பெயர். மே மாதத்துக்கு உரிய எண், அந்த வரியின் ஓரத்தோடு கிழிந்து போய்விட்டது. ௳ குறியை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆங்கிலத் தேதிக்கும் அந்தக் குறியைப் போட்டவர்கள் உண்டு. எண் எந்த வரியில், எந்த வருஷத்தை ஒட்டி நிற்கிறது என்பதுதான் கணக்கு.

இப்போது திரும்பப் போட்டுப் பாருங்கள். மே மாதத்தில் சித்திரையின் பின்பாதியும் வைகாசியின் முன்பாதியும் விழும். வைகாசி 19 ஜூனுக்குப் போய்விடும். மிச்சம் சித்திரை 19தான். ஏப்ரல் 14இல் சித்திரை 1 என்றால் 19ஆம் தேதி மே 2. அந்த மே 2 1962இல் புதன், 1963இல் வியாழன், 1971இல் ஞாயிறு. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாதப் பிறப்பு ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் மே 1, மே 3 இரண்டையும் பார்த்தேன். முதல் இரண்டு வருஷத்திலும் எதுவும் ஞாயிறாகவில்லை. ஆகவே விரோதிகிருது, 1971.

மதுரை மணி அய்யர் 1968 ஜூன் 8 அன்றே காலமாகிவிட்டார்.

நான் சொன்ன தேதி தானே தன்னைப் பொய்யாக்கிக்கொண்டது என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. மே 19, 1963 என்றால் நோட்டீசில் வைகாசி 5 வாக்கில் ஒரு தேதி அச்சாகியிருக்க வேண்டும். தமிழ் வருஷத்தின் பக்கத்தில் 19 வரவே வராது. ஒரு நாட்காட்டியைப் புரட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கிழமை பொருந்தியதும் புரட்டுவதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தேதிக்கு ஞாயிறு தேடினால், அந்த மூன்று வருஷமும் மூன்று வெவ்வேறு கிழமையைத் தரும். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தேதியைச் சொன்னாலும் ஏழில் மூன்று தடவை ஏதோ ஒரு வருஷம் பொருந்திவிடும். இதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

உண்மை தெரிந்ததும் அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தகட்டை மட்டும் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்குள் அந்தப் படம் ஒரு நினைவு மலரிலும் அச்சாகியிருந்தது. அதைத் திருத்த வழியில்லை.

எழுத்தின் அளவை வைத்து முக்கியக் கலைஞர் என்பது

பெரிய எழுத்தில் இருந்ததால் அவர்தான் பாடினார் என்று நினைத்தேன். பாலக்காடு மணி அய்யர் வாசிக்கிறார் என்றால் அதைக் கேட்கவே கூட்டம் வரும். அவர் பெயரைச் சின்னதாகப் போட எந்த உற்சவ கமிட்டிக்கு மனசு வரும்? அளவைவிட இடம் பெரிசு. வழக்கமான வரிசை பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா. துண்டு நோட்டீசின் கீழ்ப்பகுதி, பெயருக்கு அடுத்து உடனே தேதி என்றால் அது பக்கவாத்தியத்தின் வரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கிழிந்த பக்கத்தில் எத்தனை எழுத்து போனது என்று அளக்கவும் வழி உண்டு. நோட்டீசில் வரிகளை நடுவில் நிறுத்தித்தான் கோப்பார்கள். முழுசாக நிற்கும் ஒரு வரியின் நடுப்புள்ளியைக் குறித்து மேலே ஒரு கோடு இழுங்கள். பெயரின் வலது கோடி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரமோ, அதே தூரம் இடது பக்கமும் இருந்திருக்கும். என் துண்டில் வலது கோடி 9.5 செ.மீ. தள்ளி இருந்தது. ஆகவே முழு வரி 19 செ.மீ. ‘மணி அய்யர்’ 9 செ.மீ. எடுத்துக்கொண்டது. போனது 10 செ.மீ. அதே அச்செழுத்தில் ‘மதுரை’யும் ஒரு இடைவெளியும் 6 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ‘பாலக்காடு’ அந்த 10 செ.மீ.யை நிரப்பும். ஆனால் முன்னால் ‘ஸ்ரீ’ போட்டிருந்தால் மதுரையும் நீண்டுவிடும் என்பதால், இந்த அளவை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தேதி ஏற்கெனவே சொன்னதோடு இது ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

பழைய ‘ணை’, ‘லை’ எழுத்தைப் பார்த்து 1978க்கு முன் என்பது

எழுத்துச் சீர்திருத்தம் வந்த மறுநாளே அச்சகங்கள் பழைய ஈயத்தைக் கொட்டிவிடவில்லை.

டிக்கெட் விலையைப் படிக்காமல் விடுவது

‘ந.பை.’ என்று இருந்தால், நயா பைசா வந்த 1957க்கு முன் போக முடியாது.

கிழிந்த ஓரத்தை வெட்டி நேராக்குவது

வேண்டாம். பாதி நறுக்கிய ஒற்றும் ஒரு சாட்சி.

யார் இல்லை என்பதை, யார் என்று எழுதுவது

1971 என்று தெரிந்ததும், பாடியவராக இருக்கக்கூடியவர்களில் சிலரை அடித்துவிடலாம். ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965இலும் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் 1967இலும் காலமானார்கள். செம்பை இருந்தார், செம்மங்குடி இருந்தார். பாலக்காடு மணி அய்யரிடம் வளர்ந்த கே.வி. நாராயணசாமி இருந்தார். என் மனசு மூன்றாவது பெயருக்குத்தான் ஓடுகிறது. இருந்தாலும் நோட்டீசில் அதற்கு ஒரு புள்ளி மையும் கிடையாது. அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்தியோ, கோயில் உற்சவக் கணக்கு நோட்டோ கிடைத்தால்தான் அந்த இடம் நிரம்பும்.

அந்த இரண்டு இளைஞர்களின் படத்தில் ‘குடி’க்கு முன்னால், கிழிசலின் விளிம்பில் ஒரு புள்ளி தெரிகிறது. ‘ங்’ஆ ‘க்’ஆ ‘ல்’ஆ என்று தெரிய, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் அட்டையில் இப்போது இருப்பது: ‘2-5-1971, ஞாயிறு. மிருதங்கம்: பாலக்காடு மணி அய்யர். பாட்டு:’. அதற்கு மேல் எழுதவில்லை.