தொட்டால் மாட்டிக்கொள்ளும் கம்பி விளையாட்டு: ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கபாசிட்டரும் நடுவர்

வளைந்து நெளிந்த ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி, கைப்பிடி வைத்த சின்ன வளையம். வளையம் கம்பியில் படாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் விளக்கு எரியும். இந்த விளையாட்டை முதலில் மிக எளிய வடிவில் செய்வோம். அதில் ஒரு குறை தெரியவரும். அந்தக் குறையைச் சரிசெய்யும்போதுதான் எலெக்ட்ரானிக்ஸ் ஆரம்பிக்கிறது.

தேவையானவை

9 வோல்ட் பேட்டரியும் அதற்கான கிளிப்பும், பிரெட்போர்டு, சிவப்பு எல்இடி, BC547 டிரான்சிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் (16 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குவது), ரெசிஸ்டர்கள் மூன்று: 100 ஓம், 470 ஓம், 10 கிலோ ஓம். கூடவே இணைப்பு ஒயர்கள், அரை மீட்டர் தடித்த செம்புக் கம்பி, இன்சுலேஷன் டேப்.

கம்பி வெறும் செம்பாக இருக்க வேண்டும். மோட்டாரில் சுற்றும் கம்பியும் பார்க்க வெறும் செம்பு போலவே இருக்கும். ஆனால் அதன் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு, தொட்டாலும் மின்சாரம் பாயாது. சந்தேகம் இருந்தால் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

இந்த விளையாட்டுக்கு பேட்டரி மட்டும்தான். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் எதையும் செருகவே கூடாது.

முதல் கட்டம்: வெறும் விளக்கு

கம்பியை உங்கள் விருப்பப்படி வளையுங்கள். இரண்டு முனைகளிலும் சுமார் மூன்று சென்டிமீட்டருக்கு டேப் சுற்றுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் வளையம் ஓய்வெடுக்கும் இடம் அது.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வளைந்த கம்பிக்கு ஓர் ஒயர். வளையத்திலிருந்து 470 ஓம் ரெசிஸ்டருக்கு இன்னொரு ஒயர். ரெசிஸ்டரின் மறுமுனை எல்இடியின் நீளக் காலுக்கு. எல்இடியின் குட்டைக் கால் பேட்டரியின் மைனஸுக்கு. பிரெட்போர்டில் ஒரே வரிசையில் உள்ள ஐந்து துளைகளும் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்தவை. சேர வேண்டிய இரண்டு கால்களை ஒரே வரிசையில் செருகினால் போதும்.

அந்த ரெசிஸ்டர் எதற்கு? சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 7 வோல்ட். அதை 470 ஓம் தாங்குகிறது. 7 ÷ 470 = 0.015, அதாவது 15 மில்லி ஆம்பியர். எல்இடிக்கு இது வசதியான அளவு. ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாக இணைத்தால் எல்இடி கருகிவிடும்.

இப்போது ஆடிப் பாருங்கள். வளையம் நன்றாகப் பட்டால் விளக்கு எரிகிறது. ஆனால் லேசாக உரசிப் போனால்? கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னி மறைந்துவிடும். ஆடுபவர் "படவே இல்லை" என்பார், எதிரில் இருப்பவர் "பட்டது, நான் பார்த்தேன்" என்பார். சண்டையை யார் தீர்ப்பது? தொட்டதைச் சில விநாடிகள் நினைவில் வைத்திருக்கும் ஏதோ ஒன்று சர்க்யூட்டில் வேண்டும்.

இரண்டாம் கட்டம்: நினைவு வைக்கும் சர்க்யூட்

கபாசிட்டரைச் சின்னத் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான குழாயில் சட்டென்று நிரப்பி, ஊசித் துளை வழியாக மெதுவாக வடியவிட்டால், நிரப்பி முடித்த பிறகும் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே அகலக் குழாய் 100 ஓம், ஊசித் துளை 10 கிலோ ஓம். வடியும் அந்தச் சிறு மின்னோட்டத்தை வைத்து விளக்கின் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து வைப்பது டிரான்சிஸ்டரின் வேலை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய இணைப்புகளில் கம்பிக்குப் போகும் பிளஸ் ஒயரை மட்டும் விட்டுவைத்து மீதியை எடுத்துவிடுங்கள். பிறகு இந்த வரிசையில்:

1. BC547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடது கால் கலெக்டர், நடுக்கால் பேஸ், வலது கால் எமிட்டர். மூன்றையும் மூன்று தனி வரிசைகளில் செருகுங்கள். எமிட்டரை பேட்டரியின் மைனஸோடு இணையுங்கள்.
2. பிளஸ்ஸிலிருந்து 470 ஓம், அங்கிருந்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் கலெக்டருக்கு.
3. கபாசிட்டரின் பக்கவாட்டில் கோடு போட்ட கால் மைனஸுக்கு, மற்றக் கால் புதிய வரிசைக்கு. இந்தக் காலை மாற்றிவிடாதீர்கள். தலைகீழாக இணைத்த கபாசிட்டர் சூடாகி வெடிக்கக்கூடும்.
4. வளையத்தின் ஒயர் 100 ஓம் வழியாக அந்தப் புதிய வரிசைக்கு.
5. அதே வரிசையிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு.

பேட்டரியை மாட்டி, ஒரு தட்டு தட்டுங்கள். வளையத்தை எடுத்த பிறகும் விளக்கு இரண்டு மூன்று விநாடி முழுதாக எரிந்து, பிறகு மெல்ல மங்கி அணையும்.

எவ்வளவு சின்ன உரசல் வரை பிடிபடும்? 100 ஓமையும் 100 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் 10 மில்லி விநாடி. கபாசிட்டர் எவ்வளவு விரைவாக நிரம்பும் என்பதன் அளவுகோல் இது. அதில் பாதி நேரம், அதாவது 5 மில்லி விநாடி மட்டும் பட்டாலும் கபாசிட்டர் சுமார் 3.5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். விளக்கு ஒன்றரை விநாடியாவது பளிச்சென்று எரிய அது போதும். வடியும் பக்கம் 10 கிலோ ஓம் × 100 மைக்ரோஃபாரட் = 1 விநாடி. நிரம்புவது வடிவதைவிட நூறு மடங்கு வேகம். சண்டையைத் தீர்ப்பது இந்த நூறு மடங்குதான்.

வேலை செய்யவில்லை என்றால்

தொட்டிருக்கும்போது மட்டும் எரிந்து, எடுத்தவுடன் அணைகிறதா? அநேகமாக 100 ஓமும் 10 கிலோ ஓமும் இடம் மாறியிருக்கும். முதலது பழுப்பு-கருப்பு-பழுப்பு, இரண்டாவது பழுப்பு-கருப்பு-ஆரஞ்சு. மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். மாறிப்போனால் தொட்டி ஊசித் துளையில் நிரம்பி அகலக் குழாயில் கொட்டிவிடுகிறது. ஒருமுறை இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. அதிலிருந்து ரெசிஸ்டரைச் செருகும் முன் மூன்று நிறங்களையும் வாய்விட்டுப் படித்துவிடுகிறேன்.

விளக்கு எரியவே இல்லையென்றால், முதலில் எல்இடியைத் திருப்பிப் பாருங்கள். அப்படியும் எரியவில்லையா? கலெக்டர் வரிசையையும் எமிட்டர் வரிசையையும் ஓர் ஒயரால் ஒரு கணம் இணையுங்கள். இப்போது எரிந்தால் எல்இடி பக்கம் சரி, கோளாறு டிரான்சிஸ்டரின் கால்களிலோ பேஸுக்கு முந்தைய பகுதியிலோ இருக்கிறது. எரியாவிட்டால் எல்இடி, 470 ஓம், பேட்டரி மூன்றையும் பாருங்கள். சர்க்யூட்டை இப்படி இரண்டாகப் பிரித்து எந்தப் பாதியில் தவறு என்று கேட்பது, எல்லா ஒயரையும் பிடுங்கி மீண்டும் செருகுவதைவிட வேகமானது.

பொருள்கள் கையில் வரும்வரை, டிங்கர்கேட் தளத்தின் சர்க்யூட் பகுதியில் இதையே இலவசமாகக் கட்டிப் பார்க்கலாம். கம்பிக்குப் பதில் அங்கே ஒரு புஷ் பட்டனை வைத்துக்கொள்ளுங்கள். 470 ஓமை எடுத்துவிட்டு எல்இடிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அதுவே பாதுகாப்பான இடம்.

ஒரு புதிர்

10 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் போட்டால் என்ன ஆகும்? செய்வதற்கு முன் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள். விளக்கு பத்து மடங்கு நேரம் எரியும் என்றுதான் பெரும்பாலும் தோன்றும். அணைய ஆகும் நேரம் உண்மையிலேயே நீளும். ஆனால் முழு வெளிச்சம் நிற்பது சில விநாடிகள்தான், அதன் பிறகு நெடுநேரம் மங்கிக்கொண்டே போகும். துளை சின்னதானதால் தொட்டி மெதுவாக வடிகிறது, ஆனால் பேஸுக்குப் போகும் மின்னோட்டமும் பத்தில் ஒன்றாகிவிட்டது. எல்இடியை முழுதாக எரிய வைக்க டிரான்சிஸ்டருக்கு அது வெகு சீக்கிரமே போதாமல் போகிறது. முழு வெளிச்சமே நீண்ட நேரம் வேண்டுமென்றால் 10 கிலோ ஓமை அப்படியே விட்டுவிட்டு, கபாசிட்டரை 220 மைக்ரோஃபாரடாக மாற்றுங்கள்.