ரேஷன் அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள்

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போன ஆசிரியர்களில் நானும் ஒருவன். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டதும் பலர் உள்ளே போய் ரேஷன் அட்டையை எடுத்து வந்து நீட்டினார்கள். தவறு அங்கேதான் தொடங்கியது.

ஒரு வீட்டு அட்டையில் ஆறு பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், சென்னையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், பின்கட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் சித்தப்பா. இந்தக் குடும்பத்தின் படிவத்தில் வர வேண்டியவர்கள் மூன்றே பேர். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள். உறவு மட்டும் போதாது. ஆகவே சித்தப்பாவுக்குத் தனிப் படிவம். மகளை விடுதியில் எண்ணுவார்கள், மகனைத் திருப்பூரில்.

திருப்பூரில் எண்ணினால்தான். ஒரே அறையில் நான்கு பையன்கள் தங்கியிருப்பார்கள், பகலில் பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டார் "அவர்கள் வெளியூர்க்காரர்கள்" என்று சொல்லிவிட்டால் நால்வரும் எங்கும் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். 2011 கணக்கெடுப்பு முடிந்தபின் நடந்த மாதிரிச் சரிபார்ப்பில், நிகரமாக ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விடுபட்டது தெரிந்தது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டம் போடுகிறார்கள். அந்த ஓர் அறைக்கு மட்டும் 540 லிட்டர் கணக்கில் வராது, ஆனால் குழாயில் பிடித்தாக வேண்டும். ரேஷன் அரிசியும் அப்படித்தான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 81.35 கோடிப் பயனாளிகள் என்ற உச்சவரம்பு 2011 எண்ணிக்கையிலிருந்து வந்தது.

இன்னொரு தவறு என்னை மிகவும் வருத்தியது. "அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்றால், "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்பார்கள். அவர் கையில் பால் செம்பு இருக்கும். சொந்த வயலில் கூலியில்லாமல் களை எடுப்பதும், வீட்டுத் தேவைக்கே மாடு வளர்த்துப் பால் கறப்பதும் கணக்கெடுப்பின் விதிப்படி வேலைதான். கடந்த ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்திருந்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். "சும்மா" என்ற சொல் அவரை உழைப்பவர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறது. அதனால் நான் வேலையைப் பற்றிக் கேட்பதை விட்டு, "காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று அவரிடமே கேட்கத் தொடங்கினேன்.

நாள் விஷயத்திலும் குழப்பம் உண்டு. கணக்கு ஒரு நொடிக்கு உரியது. 2011இல் அது பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. 9 முதல் 28 வரை எண்ணினோம். மார்ச் 1 முதல் 5 வரை அதே வீடுகளுக்கு மறுபடி போனோம். நான் வந்துபோனபின் 26ஆம் தேதி பிறந்த குழந்தையைச் சேர்க்க வேண்டும், 27ஆம் தேதி இறந்த தாத்தாவை நீக்க வேண்டும். மார்ச் 2இல் பிறந்த குழந்தைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. "அன்றைக்கே சொல்லிவிட்டோமே" என்று சிலர் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த கணக்கெடுப்பு, பனி மூடும் பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1 நள்ளிரவுக்கு உரியது. தருகிற விவரத்தை நீதிமன்றத்தில்கூடச் சாட்சியமாக்க 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. வாடகைக்கு இருக்கும் பையன்களின் பெயரைச் சொல்ல வீட்டுக்காரர் தயங்கினால், நான் காட்டுவது அந்தப் பிரிவைத்தான்.